நன்கொடையாளரின் பட்ஜெட் படிவத்தையும் நம் கணக்குத் தலைப்புகளையும் இணைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் டிரஸ்ட் பத்து மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறது. புதிதாக வந்திருக்கும் வெளிநாட்டு நன்கொடையாளர் ஆறு தலைப்பு கொண்ட எக்செல் படிவம் ஒன்றைக் கொடுத்து, அதில் வரி சேர்க்கவோ பெயர் மாற்றவோ கூடாது என்கிறார்கள். டேலியில் எங்கள் தலைப்புகள் வேறு மாதிரி. எங்கள் பயணச் செலவு அவர்களிடம் இரண்டு இடத்தில் வருகிறது. அவர்களுடைய 'பயிற்சி' என்ற ஒரே வரி எங்களிடம் நாலு தலைப்பில் கிடக்கிறது. மொத்தமும் உதைக்கக் கூடாது, விவரமும் போகக் கூடாது. பேசாமல் எங்கள் தலைப்புகளையே அவர்கள் படிவத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்:

மாற்றாதீர்கள். உங்கள் தலைப்புகளை வைத்துத்தான் ஆடிட்டர் வரவு செலவு அறிக்கை தயாரிக்கிறார், சென்ற வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். இந்த நன்கொடையாளர் சில வருஷத்தில் போய்விடுவார். அடுத்து வருபவர் வேறொரு படிவத்தோடு வருவார். அப்போது மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

'பயணம் – திட்டம் அ', 'பயணம் – திட்டம் ஆ' என்று ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் தனி லெட்ஜர் திறப்பது இன்னொரு வழக்கம். முதல் வருஷம் நன்றாகத்தான் இருக்கும். பதின்மூன்று தலைப்பும் மூன்று நன்கொடையாளரும் சேர்ந்தால் முப்பத்தொன்பது லெட்ஜர். அதற்குப் பிறகு டிரஸ்ட் மொத்தமாகப் பயணத்துக்கு எவ்வளவு செலவு செய்தது என்று சொல்லவே ஒரு கூட்டல் தாள் வேண்டும்.

சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் தலைப்பு 'பணம் கொடுத்து எதை வாங்கினோம்' என்று சொல்கிறது: பஸ் டிக்கெட், காகிதம், சாப்பாடு, வாடகை. நன்கொடையாளரின் வரி பெரும்பாலும் 'எந்த வேலைக்காக வாங்கினோம்' என்று கேட்கிறது: பயிற்சி, உள்ளூர் அலுவலகம், மேற்பார்வை. அதனால் தலைப்புக்கு எதிரே தலைப்பை எழுதி ஒரு பட்டியல் போட்டால் அது பாதி இடத்தில்தான் பொருந்தும். பொருந்தாத மீதியை ஏதாவது ஒரு விகிதம் போட்டுப் பிரிப்பார்கள், இல்லாவிட்டால் 'இதர செலவு' என்று தள்ளுவார்கள். விவரம் போவது அங்கேதான்.

தலைப்பு மட்டத்தில் இணைக்காமல் அதற்கும் கீழே போய் இணைக்க வேண்டும். உங்கள் தலைப்பிலும் ஒன்றில் மட்டும், அவர்கள் வரியிலும் ஒன்றில் மட்டும் விழுகிற அளவுக்குச் செலவைச் சின்னச் சின்ன உருப்படியாக உடையுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் இரண்டு குறியீடு கொடுங்கள். பிறகு ஒரே பட்டியலை இந்தப் பக்கமாகக் கூட்டினால் உங்கள் பட்ஜெட், அந்தப் பக்கமாகக் கூட்டினால் அவர்கள் பட்ஜெட். ஒரே எண்களைத்தான் இரண்டு விதமாக அடுக்குகிறோம் என்பதால் மொத்தம் மாற வழியில்லை.

எது வரைக்கும் உடைப்பது என்பதற்கு அளவு இதுதான்: ஒரு உருப்படிக்கு எந்தப் பக்கத்திலாவது இரண்டு குறியீடு எழுத வேண்டி வந்தால் இன்னும் உடைக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒவ்வொன்றுதான் என்றால் நிறுத்திவிடலாம்.

நீங்கள் சொன்ன பயிற்சி வரியையே எடுத்துக்கொள்வோம். எண்கள் நானாகப் போட்டவை. உங்களுடையதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 4 பயிற்சி, ஒவ்வொன்றிலும் 10 ஆசிரியர்கள், ஒருங்கிணைப்பாளர், பயிற்றுநர் என்று 12 பேர். நன்கொடையாளர் படிவத்தில் 5.1 என்ற வரியில் 42,000 ரூபாய் என்ற ஒரே எண்தான் தெரியும். உள்ளே இருப்பது இது:

| உருப்படி | கணக்கு | நம் தலைப்பு | நன்கொடையாளர் வரி | தொகை |
|---|---|---|---|---|
| மண்டப வாடகை | 4 × 3,000 | கூட்டச் செலவு | D5.1 | 12,000 |
| சாப்பாடு | 4 × 12 × 150 | கூட்டச் செலவு | D5.1 | 7,200 |
| ஆசிரியர் பஸ் கட்டணம் | 4 × 10 × 200 | பயணம் | D5.1 | 8,000 |
| பயிற்றுநர் மதிப்பூதியம் | 4 × 2,500 | பயிற்றுநர் கட்டணம் | D5.1 | 10,000 |
| காகிதம், பேனா, நகல் | 4 × 1,200 | அச்சு, எழுதுபொருள் | D5.1 | 4,800 |

மண்டப வாடகையும் சாப்பாடும் இரண்டு பக்கமும் ஒரே குறியீட்டில் விழுகின்றன. விதிப்படி பார்த்தால் சேர்த்தே எழுதலாம். ஆனாலும் பிரித்து வைப்பது நல்லது. ஏனென்றால் விலை ஏறுவது ஒன்றில் மட்டும்தான் ஏறும்.

இதே போல் மற்றவற்றையும் உடைத்தால் உங்கள் திட்டம் மொத்தம் 19 உருப்படிக்குள் அடங்கும். ஒருங்கிணைப்பாளர் சம்பளம் மாதம் 28,000 வீதம் வருஷத்துக்கு 3,36,000, D1.1. பத்து ஆசிரியர்களுக்கு மாதம் 6,000 வீதம் 7,20,000, D1.2. கணக்காளர் சம்பளம் மாதம் 22,000. அதில் இந்தத் திட்டத்தின் பங்கு 40% என்று வைத்தால் வருஷத்துக்கு 1,05,600, D1.3. பி.எஃப்.-இல் டிரஸ்ட் கட்டும் பங்கு ஒருங்கிணைப்பாளருக்கு 21,600, கணக்காளருக்கான 40% பங்கு 8,640. உங்கள் புத்தகத்தில் பி.எஃப். ஒரே தலைப்பு, 30,240. நன்கொடையாளர் படிவத்தில் அதற்கென்று வரியே இல்லை. ஆளின் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டச் சொல்வார்கள். ஆகவே 21,600 போய் D1.1-இல் சேரும், 8,640 போய் D1.3-இல் சேரும். இரண்டு உருப்படியாக உடைத்திருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

பயணத்தில் ஒருங்கிணைப்பாளர் பைக் பெட்ரோல் 36,000, அவருடைய பஸ், ரயில் செலவு 12,000, இரண்டும் D2.1. லேப்டாப் 52,000 D3.1, மையங்களுக்கு வெள்ளைப் பலகை 18,000 D3.2; நம் புத்தகத்தில் பலகை 'பாடப்பொருள்' தலைப்பில் வருகிறது. அலுவலக வாடகைப் பங்கு 72,000, மின்சாரம், போன், இணையம் 24,000, அலுவலக எழுதுபொருள் 12,000 ஆகியவை D4.1, D4.2, D4.3. மையங்களுக்கான பாடப்பொருள் 60,000 D5.2. தணிக்கைக் கட்டணம் 30,000 D6.1.

அவர்கள் பக்கம் ஆறு தலைப்பின் கூட்டல்: 11,91,840, 48,000, 70,000, 1,08,000, 1,02,000, 30,000. மொத்தம் 15,49,840. உங்கள் பக்கம் பதின்மூன்று தலைப்பையும் கூட்டுங்கள்: சம்பளம் 4,41,600, ஆசிரியர் மதிப்பூதியம் 7,20,000, பி.எஃப். 30,240, வாகன எரிபொருள் 36,000, பயணம் 20,000, கணினி 52,000, பாடப்பொருள் 78,000, வாடகை 72,000, கூட்டச் செலவு 19,200, மின்சாரம்-போன் 24,000, எழுதுபொருள் 16,800, பயிற்றுநர் கட்டணம் 10,000, தணிக்கை 30,000. அதுவும் 15,49,840.

இதை எக்செல்லில் ஒரு கட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். `Lines` என்ற ஷீட்டில் உருப்படிகள்: C நெடுவரிசையில் நம் தலைப்பு, D நெடுவரிசையில் நன்கொடையாளர் வரி, E நெடுவரிசையில் தொகை. இன்னொரு ஷீட்டில் A நெடுவரிசையில் கீழ்நோக்கி நம் 13 தலைப்பு, முதல் வரிசையில் பக்கவாட்டில் அவர்கள் 12 வரி. B2 கட்டத்தில் இந்தச் சூத்திரத்தை எழுதி M14 வரைக்கும் இழுங்கள்:

```
=SUMIFS(Lines!$E:$E, Lines!$C:$C, $A2, Lines!$D:$D, B$1)
```

ஓரத்தில் ஒரு சோதனைக் கட்டம்:

```
=ROUND(SUM(Lines!$E:$E)-SUM(B2:M14),2)
```

இது பூஜ்யமாக இல்லாவிட்டால் ஏதோ ஒரு உருப்படியின் குறியீடு விட்டுப்போயிருக்கிறது அல்லது எழுத்துப் பிழை இருக்கிறது. அந்த வித்தியாசத் தொகையையே உருப்படிப் பட்டியலில் தேடினால் பெரும்பாலும் கையில் கிடைத்துவிடும்.

குறியீட்டுக்கு முன்னால் D போட்டதற்குக் காரணம் உண்டு. நன்கொடையாளர் படிவத்தில் 1.1 என்றும் 1.10 என்றும் இரண்டு வரி இருக்கலாம். எக்செல்லில் 1.10 என்று தட்டினால் அது 1.1 ஆகிவிடும். கட்டத்தை டெக்ஸ்ட் ஆக மாற்றித் தட்டினாலும் தப்ப முடியாது. `SUMIFS` இரண்டையும் எண்ணாகவே எடுத்துக்கொண்டு ஒன்றாகச் சேர்த்துவிடும். பத்தாவது வரியின் பணம் முதல் வரியிலும் கூடி நிற்கும். ஒரு எழுத்தை முன்னால் ஒட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

சோதனைக் கட்டம் பூஜ்யம் காட்டினால் எல்லாம் சரி என்று நினைக்கவும் கூடாது. தவறான, ஆனால் பட்டியலில் இருக்கிற குறியீட்டைப் போட்டுவிட்டால் மொத்தம் அசையாது. இதைப் பிடிக்கத்தான் கட்ட வடிவம். 13-ஐ 12-ஆல் பெருக்கினால் 156 கட்டம். இந்தத் திட்டத்தில் அவற்றுள் 18-இல் மட்டும்தான் பணம் இருக்க வேண்டும். அந்தப் பதினெட்டுக்கு மட்டும் வண்ணம் பூசி வையுங்கள். வண்ணமில்லாத கட்டத்தில் ஒரு எண் தெரிந்தால், தணிக்கைக் கட்டணம் போய்ப் பயிற்சியில் உட்கார்ந்திருக்கிறது என்பது போன்ற ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. கண்ணே பிடித்துவிடும்.

இந்தக் கட்டம் இன்னொன்றையும் காட்டும். பதின்மூன்றில் எட்டுத் தலைப்பு ஒரே வரிக்குத்தான் போகிறது. சம்பளம், பி.எஃப்., பயணம், பாடப்பொருள், எழுதுபொருள் ஆகிய ஐந்தும் இரண்டு வரிக்குப் பிரிகின்றன. எட்டுக்கு நிலையான பட்டியல் போதும். கணக்காளர் கவனிக்க வேண்டியது இந்த ஐந்தை மட்டும்தான்.

படிவத்தை நிரப்பும்போது அவர்கள் ஷீட்டில் கையால் தொகை தட்டாமல், உங்கள் கட்டத்தின் நெடுவரிசைக் கூட்டலிலிருந்து இணைப்புக் கொடுத்து எடுங்கள். அனுப்பும் பிரதியில் மட்டும் மதிப்புகளாக ஒட்டிக்கொள்ளலாம். பூட்டப்படாத படிவமாக இருந்தாலும் வரிசை நுழைக்காதீர்கள். அவர்கள் கூட்டல் சூத்திரத்தின் எல்லைக்கு வெளியே நுழைந்த வரிசை கண்ணுக்குத் தெரியும், மொத்தத்தில் சேராது. படிவம் காட்டும் மொத்தத்தை நம்பாமல் உங்கள் 15,49,840-உடன் ஒத்துப் பாருங்கள். விவரம் போய்விடுமே என்ற கவலைக்கு, மேலே உள்ள உருப்படிப் பட்டியலையே வரி எண் வாரியாக அடுக்கி, பட்ஜெட் விளக்கக் குறிப்பாகத் தனித் தாளில் இணைத்துவிடுங்கள். படிவத்தை மாற்றக் கூடாது என்பவர்கள்கூட இணைப்புத் தாளை வேண்டாம் என்று சொல்வதில்லை. பின்னாளில் '42,000 எப்படி வந்தது' என்று கேட்டால் பதில் அங்கே இருக்கும்.

படிவம் யூரோவிலோ டாலரிலோ கேட்டால் ஒவ்வொரு வரியையும் ஒரே விகிதத்தில் மாற்றி, இரண்டு தசமத்துக்கு முழுமைப்படுத்தி, அவற்றைக் கூட்டி மொத்தம் எழுதுங்கள். மொத்த ரூபாயைத் தனியாக மாற்றினால் சில சென்ட் வித்தியாசம் வரக்கூடும்.

ஆறு தலைப்பு வரிசையைப் பார்த்தால் ஐரோப்பிய ஒன்றிய மானியப் படிவத்தின் சாயல் தெரிகிறது. அங்கே மறைமுகச் செலவுக்கு நேரடிச் செலவில் 7% உச்சவரம்பு. உங்களுக்கும் அதே 7% என்றால் 1,08,488.80 வரும். பழக்கத்தில் 1,08,489 என்று எழுதிவிடாதீர்கள். அது வரம்பை இருபது காசு தாண்டுகிறது, சில படிவங்கள் அதற்கே சிவப்பு காட்டும். 1,08,488 என்று கீழே இறக்குங்கள். மொத்தம் 16,58,328.

இந்த 7 சதவீதத்துக்கு உங்கள் புத்தகத்தில் செலவுத் தலைப்பு திறக்கக் கூடாது என்பது முக்கியம். அது செலவு அல்ல, செயலாளர் சம்பளத்தின் மீதிப் பங்கு, அலுவலக வாடகையின் மீதிப் பங்கு போன்றவற்றை ஈடுகட்ட அவர்கள் தருகிற வரவு. அந்தச் செலவுகள் ஏற்கெனவே அந்தந்தத் தலைப்பில் பொது நிதியின் பேரில் எழுதப்பட்டிருக்கும். 'மறைமுகச் செலவு' என்று இன்னொரு முறை பற்று எழுதினால் ஒரே பணம் இரண்டு முறை செலவாகும். திட்ட நிதியிலிருந்து பொது நிதிக்கு மாற்றமாக எழுதுங்கள், அதுவும் வெளிநாட்டு நிதிக் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே.

பட்ஜெட் வரைக்கும் எக்செல் போதும். செலவு ஆரம்பித்த பிறகு இரண்டாவது குறியீடு டேலிக்குள் போக வேண்டும். `F11` அழுத்தி `Enable Cost Centres` என்பதை ஆம் ஆக்கி, நன்கொடையாளரின் 12 வரியையும் காஸ்ட் சென்டர்களாகத் திறங்கள். திட்டத்தின் பெயரில் ஒரு தாய் சென்டர், அதன் கீழ் D1.1 முதல் D6.1 வரை. பொது நிதிக்கும் ஒரு சென்டர் வேண்டும், ஏனென்றால் மாத வாடகை 15,000-இல் 6,000 மட்டும்தான் D4.1, மீதி 9,000 எங்காவது உட்கார வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஓர் இடம் காஸ்ட் கேட்டகரி. நன்கொடையாளர் ஒருவருக்கு ஒரு கேட்டகரி என்று திறந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் டேலியில் கேட்டகரிகள் இணையாக ஓடுபவை. ஒரே கேட்டகரிக்குள் பிரித்தால் பிரித்த தொகைகள் சேர்ந்து லெட்ஜர் தொகைக்குச் சமமாக வேண்டும். இரண்டு கேட்டகரி இருந்தால் ஒரே 15,000-ஐ முழுசாக இதிலும் முழுசாக அதிலும் எழுத மென்பொருள் இடம் கொடுக்கும். ஒரே பில்லை இரண்டு நன்கொடையாளரிடம் காட்டிய குற்றச்சாட்டு இப்படித்தான் யாரும் நினைக்காமலே வந்து சேருகிறது. எல்லா நன்கொடையாளரையும், பொது நிதியையும் ஒரே கேட்டகரிக்குள் வையுங்கள். அப்போது கூட்டலே காவல் காக்கும்.

அந்தக் கேட்டகரியில் `Allocate Non-Revenue Items` என்ற கேள்விக்கும் ஆம் என்று கொடுங்கள். லேப்டாப் உங்கள் புத்தகத்தில் சொத்து. இந்தக் கேள்விக்கு இல்லை என்றிருந்தால் சொத்து லெட்ஜருக்கு காஸ்ட் சென்டர் கேட்காது, D3.1 வருஷ முடிவு வரை பூஜ்யமாகவே நிற்கும். கணினி லெட்ஜரிலும் காஸ்ட் சென்டர் பொருந்தும் என்று குறியுங்கள். பணியாளர் முன்பணம் லெட்ஜருக்கு மட்டும் வேண்டாம். பயிற்சிக்கு 10,000 முன்பணம் கொடுத்த நாளில் அது செலவு அல்ல. பில்களோடு கணக்கு ஒப்படைத்த நாளில்தான் D5.1 விழ வேண்டும்.

குறியீட்டை யார் எழுதுவது? செலவு செய்தவர்தான். மாசக் கடைசியில் ஒரு கடை பில்லைப் பார்த்து, 3,400 ரூபாய் எழுதுபொருளில் எவ்வளவு பயிற்சிக்கு, எவ்வளவு அலுவலகத்துக்கு என்று கணக்காளருக்கு எப்படித் தெரியும்? வவுச்சரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வையுங்கள்: நம் தலைப்பு, நன்கொடையாளர் வரி, தொகை என்று மூன்று கோடு, இரண்டு வரிசை. 1,200 பயிற்சி, 2,200 அலுவலகம் என்று அங்கேயே பிரிந்து வந்தால் டேலியில் ஒரே லெட்ஜர் பதிவில் இரண்டு சென்டராக ஏறும். தவறாக ஏறியதைத் திருத்த ஜர்னலில் அதே எழுதுபொருள் லெட்ஜரை D5.1-இல் பற்று, D4.3-இல் வரவு என்று எழுதினால் போதும். உங்கள் தலைப்பின் மொத்தம் மாறாது, நன்கொடையாளர் வரி மட்டும் நகரும், நகர்ந்த தடமும் இருக்கும்.

சம்பளப் பங்கு 40% என்பதற்கு ஆதாரம் தேவை. பட்ஜெட்டில் எழுதினோம் என்பது ஆதாரமாகாது. கணக்காளர் எந்தத் திட்டத்துக்கு எத்தனை நேரம் வேலை செய்தார் என்ற மாத நேரக் குறிப்பு, அவரும் மேலாளரும் கையெழுத்திட்டது, சம்பள வவுச்சரோடு இருக்க வேண்டும். நேரக் குறிப்பு 30% என்று சொன்னால் அந்த மாசம் 30% தான் ஏற வேண்டும்.

இனி அறிக்கை. உங்கள் வரவு செலவு அறிக்கையில் திட்டச் செலவு ஒரு எண், நன்கொடையாளர் அறிக்கையில் வேறொரு எண் என்று இருக்கத்தான் செய்யும். இரண்டையும் இணைக்கும் ஒரு பக்கச் சமரசத் தாள் கோப்பில் இருந்தால் அதில் தப்பே இல்லை. உதாரணமாக, மறைமுகச் செலவு நீங்கலாக, உங்கள் புத்தகப்படி திட்டச் செலவு 14,40,300. இதில் லேப்டாப்பின் 40% தேய்மானம் 20,800 அடங்கியிருக்கிறது. நன்கொடையாளர் தேய்மானத்தை ஏற்பதில்லை, ஆகவே கழியுங்கள். லேப்டாப் வாங்கிய முழு விலை 52,000 அவர்களுக்குச் செலவு, கூட்டுங்கள். மார்ச் 31-இல் தணிக்கைக் கட்டணத்துக்கு 30,000 ஒதுக்கியிருக்கிறீர்கள், இன்னும் கொடுக்கவில்லை; கொடுத்ததை மட்டும்தான் ஏற்பார்கள் என்றால் கழியுங்கள். வருவது 14,41,500.

இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 1,200 தான். இதைப் பார்த்து ஏதோ சில்லறைப் பிழை என்று நினைத்து எழுதுபொருளில் 1,200 சேர்த்துச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. அந்தச் சின்ன எண்ணுக்குள் மூன்று பெரிய உருப்படி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த வருஷம் தணிக்கைக் கட்டணம் கொடுத்ததும் 30,000 மறுபக்கம் வரும், லேப்டாப்பின் 52,000 திரும்ப வராது, வித்தியாசம் திடீரென்று பெரிதாகும். வித்தியாசம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பெயரிட்ட உருப்படிகளால்தான் அதை விளக்க வேண்டும்.

தலைப்புகளுக்கிடையே பணம் நகர்த்த எவ்வளவு அனுமதி என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி மானியங்களில், தலைப்பின் மூலத் தொகையில் 25% வரை ஒப்பந்தத் திருத்தம் இல்லாமல் நகர்த்தலாம். கேட்க நிறைய போலத் தோன்றும். உங்கள் ஆறாவது தலைப்பு 30,000 மட்டும்தான். அதில் 25% என்றால் 7,500. சின்னத் தலைப்புகள்தான் முதலில் முட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வெளிநாட்டு நிதி என்பதால் உங்கள் உருப்படிப் பட்டியலில் மூன்றாவது குறியீடும் தேவை. எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 8-ஆம் பிரிவில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020 திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. எது நிர்வாகச் செலவு என்பதை 2011 விதிகளின் 5-ஆம் விதி சொல்கிறது, அது நன்கொடையாளரின் பிரிவினையோடு ஒத்துப்போகாது. வாகனம் ஓட்டும் செலவும் பராமரிப்பும் அதில் நிர்வாகம். நன்கொடையாளரிடம் அது 'பயணம்'. கணக்காளர் அவர்களிடம் 'மனிதவளம்'. விதியில் கணக்கு பராமரிக்கும் செலவு நிர்வாகம்.

நன்கொடையாளர் படிவத்தை மட்டும் பார்த்தால் உள்ளூர் அலுவலகமும் மறைமுகச் செலவும் சேர்ந்து 2,16,488. மொத்தத்தில் 13 சதவீதம். நிம்மதியாக இருக்கும். உருப்படிப் பட்டியலில் மூன்றாவது குறியீட்டுக்கு ஒரு நெடுவரிசை போட்டுக் கூட்டுங்கள்: எரிபொருள் 36,000, அலுவலகச் செலவுகள் 1,08,000, கணக்காளர் பி.எஃப். உட்பட 1,14,240, தணிக்கை 30,000. ஆக 2,88,240. மறைமுகச் செலவு பெரும்பாலும் நிர்வாகத்துக்கே போகும் என்பதால் அதையும் சேர்த்தால் 3,96,728. அது 16,58,328-இல் ஏறக்குறைய 24 சதவீதம். ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. அதை எந்தப் பக்கம் வைப்பது என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரம்பு ஒரு திட்டத்துக்கு அல்ல, டிரஸ்ட் அந்த நிதியாண்டில் பெற்ற மொத்த வெளிநாட்டு நிதிக்கு. வேறு திட்டங்களில் நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் சமாளிக்கலாம். இது ஒன்றுதான் திட்டம் என்றால் பட்ஜெட்டிலேயே மாற்றியாக வேண்டும், கையெழுத்துக்குப் பிறகு முடியாது.

ஆகவே ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் நன்கொடையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். லேப்டாப்பை வாங்கிய ஆண்டிலேயே முழு விலையில் ஏற்கிறார்களா, செலவு என்பது பில் வந்த தேதியா பணம் கொடுத்த தேதியா, பி.எஃப். பங்கு ஆளின் வரியிலேயே போகலாமா, அவர்கள் அறிக்கை ஆண்டு ஜனவரி–டிசம்பரா ஏப்ரல்–மார்ச்சா என்று கேளுங்கள். பதிலை அச்செடுத்து உருப்படிப் பட்டியலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.